கொக்குவிலில் ஒரு ஓட்டு வீடும் இரவுச் சத்தங்களும்

வேலைக்காக மதுரையிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, கொக்குவிலில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறேன். இங்குள்ள பேச்சும் சாப்பாடும் சீக்கிரம் பழகிவிட்டன. இரவு மட்டும் பழக மறுத்தது. மதுரையில் எங்கள் தெரு நள்ளிரவு தாண்டியும் இரைந்துகொண்டே இருக்கும், அதில் எந்தச் சத்தமும் தனியாகக் காதில் விழாது. இங்கே ஒன்பது மணிக்கு மேல் ஒழுங்கை அடங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சத்தமும் நமக்காகவே வருவதுபோல் இருக்கும்.

புது இடத்தில் முதல் இரவு சரியாகத் தூக்கம் வராது என்பது வெறும் மனப்பிரமை அல்ல. 2016-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவு தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்றப் பாதியைவிட விழிப்பாக இருந்து, புதிய சத்தங்களுக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டியது தெரிந்தது. சாதாரணமாக இது ஓரிரு இரவில் தணிந்துவிடும். தனியாக இருப்பவருக்குத் தணியாமல் நீள்வதற்குக் காரணம், சத்தம் என்னவென்று தெரியாமலே இருப்பது. அதனால் நான் முதலில் செய்தது, சத்தங்களுக்குப் பெயர் கண்டுபிடிப்பது.

தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொப்பி வைத்தேன். சத்தம் கேட்டால் நேரம், எந்தப் பக்கம், காற்று அடிக்கிறதா, இவ்வளவுதான் எழுதுவேன். இரவில் எழுந்துபோய்த் தேடுவதில்லை. தேடத் தேட, ஏதோ ஆபத்து இருப்பதாகத்தான் மனம் முடிவு கட்டும். காலையில் கொப்பியோடு வளவைச் சுற்றி வருவேன்.

பின்பக்கம் 'தொம்' என்று விழுந்தது பனம்பழம். ஆவணி மாதம், சோளகக் காற்று வேறு. காலையில் வேலியோரம் நார் பிய்ந்து கிடந்ததைப் பார்த்ததும் விளங்கியது. இரவு தொடங்கும் நேரத்தில் கூரையில் 'டிக் டிக்' என்று கேட்டது, பகல் வெயிலில் சூடான ஓடும் மரமும் ஆறிச் சுருங்குவது. விடியற்காலையில் அது வருவதே இல்லை. காற்று அடித்தால் மட்டும் வந்த தட்டல், குளியலறைக் கூரையில் ஆணி கழன்ற தகரம். அதை அடித்து இறுக்கியதும் நின்றுவிட்டது.

கடைசிவரை விளங்காமல் இருந்தது ஓட்டின்மேல் கேட்ட நடை. மனிதர் நடப்பதுபோலவே, நின்று நின்று. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொப்பியைக் காட்டினேன். "அது மரநாய் பிள்ளை, பழம் தின்ன வருது. ஆள் ஏறினால் ஓடு உடையுற சத்தம் கேக்கும், எங்கடை நாயும் சும்மா கிடக்காது" என்றார். அந்த இரண்டு அடையாளங்களைத்தான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் படுக்கும் முன் ஒரு சுற்று. படலை, முன்கதவு, பின்கதவு, ஜன்னல் கொளுக்கிகள், எப்போதும் இதே வரிசையில். ஒவ்வொன்றையும் கையால் தொட்டு, "பூட்டியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வேன். சொன்னது நினைவில் நிற்பதால் படுத்த பிறகு சந்தேகம் குறைகிறது. அப்படியும் சந்தேகம் வந்தால் மறுபடி எழுந்து பார்ப்பதில்லை. விறாந்தை விளக்கை மட்டும் எரியவிடுவேன். உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால், வெளியே நிற்பவர் நம்மைப் பார்க்கலாம், நமக்கு அவர் தெரியமாட்டார்.

மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலும் உதவுகிறது. தூக்கத்தைக் கலைப்பது பெரும்பாலும் அமைதியைத் திடீரென்று உடைக்கும் சத்தம்தான், பின்னணியில் இரைச்சல் இருந்தால் அந்த வித்தியாசம் குறையும். ஆனால் மின்சாரம் போனால் விசிறி நின்ற அமைதியிலேயே விழிப்பு வரும், அதற்காக ஒரு டோர்ச் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். காதடைப்பான் நான் போடுவதில்லை. தனியாக இருப்பவருக்குக் கதவு தட்டுவதும் போன் அடிப்பதும் கேட்டாக வேண்டும். படுத்து நெடுநேரமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் கொஞ்சம் வாசித்து, கண் சொருகும்போது திரும்பப் படுப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சத்தம் பட்டியலில் அடங்காமல், நாயும் விடாமல் குரைத்தால், கதவைத் திறந்து பார்க்கப் போவதில்லை. அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு முதலில் அக்காவுக்குப் போன், ஆள் நிற்பது உறுதி என்றால் நேரே பொலிஸின் 119. "என்ன நேரமெண்டாலும் எடும்" என்று அக்கா முன்பே சொல்லி வைத்திருக்கிறார். இரண்டு எண்களும் போனின் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன.