உயரமான டம்ளரில்தான் நிறைய இருக்கு

குழந்தைகளின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகளை, ஆசிரியர் பயிற்சியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவள் நான். இரண்டு வயது வரை புலன் இயக்க நிலை, ஏழு வயது வரை செயலுக்கு முந்தைய நிலை, பதினொன்று வரை பருப்பொருள் நிலை, அதற்கு மேல் முறையான சிந்தனை நிலை. ஐந்து மதிப்பெண் கேள்வி. எழுதி, மதிப்பெண் வாங்கி, அப்படியே மறந்தும் போனேன். அது திரும்ப நினைவுக்கு வந்தது, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பள்ளி ஆண்டு விழா அன்று.

வெயிலுக்கு நன்னாரி சர்பத் கரைத்திருந்தோம். ஒன்றாம் வகுப்புக்கு நான்தான் ஊற்றிக் கொடுத்தேன். டம்ளர்கள் போதாமல் வீடுகளிலிருந்து வாங்கி வந்ததால் எல்லாம் வேறு வேறு அளவு. ஒரே கரண்டியால் ஆளுக்கு இரண்டு கரண்டி. வாய் அகன்ற சில்வர் டம்ளரில் வாங்கிய ஒரு சிறுமி, பக்கத்துப் பையனின் ஒல்லியான உயர டம்ளரைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். "அவனுக்கு நிறைய, எனக்குக் கொஞ்சம்." இரண்டும் ஒன்றுதான், ரெண்டு ரெண்டு கரண்டிதான் ஊற்றினேன் என்று சொன்னேன். அழுகை நிற்கவில்லை. வேலை நெருக்கடியில் அதட்டியும் விட்டேன். அப்புறம் நிரூபித்துக் காட்டலாம் என்று அவளுடைய சர்பத்தை அவள் கண் முன்னாலேயே இன்னொரு உயரமான டம்ளருக்கு மாற்றினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எனக்கும் நிறைய இருக்கு" என்று சொல்லிக் குடிக்கப் போய்விட்டாள்.

அன்று இரவுதான் பழைய பயிற்சி நோட்டைத் தேடி எடுத்தேன். நான் அதட்டியது பேராசையையோ பிடிவாதத்தையோ அல்ல, ஆறு வயதுக் கண் உலகத்தைப் பார்க்கும் விதத்தை. அது இன்றும் எனக்கு உறுத்தல்தான்.

பியாஜே இந்தப் பாதைக்கு வந்ததே தவறான பதில்கள் வழியாகத்தான். 1920 வாக்கில் பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளில் வேலை செய்தபோது, ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்கள் என்பது அவர் கண்ணில் பட்டது. சரியான பதில்களை எண்ணுவதைவிட அந்தத் தவறுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார். ஆண்டு விழாவில் நான் அறியாமலே செய்துபார்த்த டம்ளர் சோதனையும் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

அதைச் செய்யும் முறை எளிது, ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, இரண்டிலும் ஒரே அளவா என்று கேட்க வேண்டும். குழந்தை "இதுல கொஞ்சம் கம்மி" என்றால், அது சரி என்று ஒத்துக்கொள்ளும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். இந்த ஒப்புதல் இல்லாமல் மேலே போனால் சோதனையே வீண். பிறகு ஒன்றை மட்டும் குழந்தை பார்க்க ஒல்லியான டம்ளருக்கு மாற்றி, "இப்போ?" என்று கேட்க வேண்டும். பதிலைவிட முக்கியமானது அடுத்த கேள்வி: "எப்படிச் சொல்ற?"

ஏழு வயதுக்கு முந்தைய குழந்தையின் கண் ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. உயரம் ஏறியதைப் பார்க்கிறது, அகலம் குறைந்ததைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஊற்றியதைத் திரும்ப ஊற்றினால் பழையபடி ஆகிவிடும் என்று மனதுக்குள் பின்னோக்கிப் போகவும் முடிவதில்லை. எட்டுக் கனகாம்பரமும் இரண்டு மல்லிகையும் வைத்து "கனகாம்பரம் நிறையவா, பூ நிறையவா?" என்று கேட்டால் "கனகாம்பரம்" என்று பதில் வருவதும் இதனால்தான். முழுமையையும் அதன் பகுதியையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைக்க முடிவதில்லை. அப்பா போனில் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்க, இந்தப் பக்கம் தலையை மட்டும் ஆட்டும் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம். தன் தலை அசைவது அப்பாவுக்குத் தெரியாது என்பது அந்த வயதுக்கு இன்னும் எட்டவில்லை.

சர்பத் சிறுமியை அதற்குப் பிறகு நான் விடவில்லை. எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளி, அதனால் அவளை வருடக்கணக்கில் பார்க்க முடிந்தது. இரண்டாம் வகுப்பில் அதே சோதனை. "இதுலதான் நிறைய" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, இது ஒல்லியா இருக்கு... ரெண்டும்..." என்று இழுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடுமாற்றம் நல்ல அறிகுறி. உயரமும் அகலமும் அவளுக்குள் சண்டை போட ஆரம்பித்துவிட்டன. மூன்றாம் வகுப்பில் தண்ணீரை மாற்றும் முன்பே சிரித்தாள். "அதேதான் டீச்சர். வேணும்னா திருப்பி ஊத்திப் பாருங்க." "நீங்க எதுவும் சேக்கலையே" என்றும் சொன்னாள். இந்த மாதிரிக் காரணம் வந்தால்தான் குழந்தைக்கு அது பிடிபட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன். வெறும் "ஒரே அளவு" போதாது, அது பக்கத்துப் பிள்ளை சொன்னதாகவும் இருக்கலாம்.

அதே நாளில் இரண்டு களிமண் உருண்டைகளைக் கொடுத்தேன். ஒன்றைப் பாம்பு மாதிரி உருட்டினேன். மண் அளவு மாறவில்லை என்று உடனே சொன்னாள். எடை? கையில் எடுத்துப் பார்த்து, "பாம்பு லேசா இருக்கு" என்றாள். தண்ணீரில் அவ்வளவு தெளிவாகச் சொன்ன அதே வாய்! முதலில் எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் இது பியாஜே பார்த்து எழுதியதுதான். பொருளின் அளவு மாறாது என்பது ஏழு, எட்டு வயதில் பிடிபட்டால், எடை மாறாது என்பது ஒன்பது, பத்து வயதாகலாம். தண்ணீருக்குள் போட்டால் அது அடைக்கும் இடமும் மாறாது என்பதற்குப் பதினொன்று, பன்னிரண்டு. ஆக, ஒரு குழந்தை 'இந்த நிலையில் இருக்கிறது' என்று ஒரே அட்டையில் எழுதி ஒட்டிவிட முடியாது. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குழந்தை இரண்டு நிலைகளில் நிற்கும்.

கேட்கும் விதமும் பதிலை மாற்றிவிடும் என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். நம் வகுப்பறையில் டீச்சர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டால், முதல் பதில் தப்பு என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும். டம்ளர் சோதனையிலோ ஒரே கேள்வியை ஊற்றும் முன்பும் ஊற்றிய பின்பும் கேட்கிறோம். 1974-இல் மெக்கரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு முன்னால் இரண்டு வரிசை வில்லைகளை வைத்து, ஒரு வரிசையைப் பெரியவரே கலைக்காமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைப்பது போலச் செய்தார்கள். அப்போது எண்ணிக்கை மாறவில்லை என்று சொன்ன குழந்தைகள் மிக அதிகம். இதைப் படித்த நாளிலிருந்து முதலாம் வகுப்பில் புளியங்கொட்டை வரிசையை நான் கலைப்பதில்லை. கை தட்டிவிட்டது போல ஆக்கி, "அடடா, கலைஞ்சிடுச்சே" என்று சொல்லிவிட்டுத்தான் கேட்கிறேன்.

எண்ணிக்கையில் இது கணக்குப் பாடத்தையே தொடும். ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணி முடித்த குழந்தையிடம் அவற்றைத் தள்ளித் தள்ளி வைத்து "இப்போ எத்தனை?" என்றால், சில பிள்ளைகள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். இடம் மாறினாலும் ஐந்து ஐந்துதான் என்பது உறைக்காத குழந்தையிடம், ஏழோடு மூன்றைக் கூட்ட "ஏழை மனசுல வச்சுக்கோ" என்று சொல்லிப் பயனில்லை. அந்த ஏழு மனசில் நிற்காது. அதற்குக் கூடுதல் பயிற்சித்தாள் கொடுப்பதைவிட, கொட்டைகளைக் கலைத்துக் கலைத்து எண்ணி விளையாட விடுவதில் எனக்கு அதிகப் பலன் கிடைத்திருக்கிறது.

இதற்கெல்லாம் அடித்தளம் பேச்சு வருவதற்கு முன்பே போடப்படுகிறது. எங்கள் வளாகத்திலேயே அங்கன்வாடி. உடன் வேலை செய்யும் டீச்சரின் குழந்தை மதிய நேரத்தில் அங்கே தவழும். ஆறு மாதத்தில் கிலுகிலுப்பையைத் துண்டால் மூடினால், அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்பது போல வேறு பக்கம் திரும்பிவிடுவான். ஒன்பது மாதத்தில் துண்டை இழுத்து எடுத்தான். ஆனால் இடப்பக்கத் துண்டுக்கு அடியில் இரண்டு மூன்று தடவை ஒளித்து எடுக்க விட்டுவிட்டு, அடுத்து அவன் பார்க்கவே வலப்பக்கத் துண்டுக்கு அடியில் வைத்தால், மறுபடி இடப்பக்கம்தான் தேடினான். பொருள் எங்கே என்பது அவனுக்கு இன்னும் தன் கைப்பழக்கத்தோடு ஒட்டியே இருந்தது. ஒரு வயதுக்கு மேல் ஸ்பூனைக் கீழே போடுவதும், நாம் எடுத்துக் கொடுப்பதும், வேறு உயரத்திலிருந்து மறுபடி போடுவதும். ஆயாம்மா அலுத்துக்கொள்வார். பார்த்துக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு தடவையும் எங்கே விழுகிறது, என்ன சத்தம் வருகிறது என்று அவன் கவனிப்பது தெரியும்.

எட்டாம் வகுப்புக்கு வருகிறேன். "எலி யானையைவிடப் பெரிசுன்னு வச்சுக்கோ. யானை பசுவைவிடப் பெரிசு. எலி பெரிசா, பசு பெரிசா?" மூன்றாம் வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள், "எலி எப்படி டீச்சர் பெரிசாகும்?" எட்டாம் வகுப்பில் பலர், "நீங்க சொன்னபடி பார்த்தா எலிதான்" என்பார்கள். கண் முன்னால் இல்லாத, பொய் என்றே தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டும் யோசிக்க முடிகிறது.

சர்பத் சிறுமியும் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். ஊசல் ஆட்டத்தின் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒரு மீட்டர் கயிறு, கால் மீட்டர் கயிறு, சின்னக் கல், பெரிய கல். அவள் நீளக் கயிற்றில் பெரிய கல்லைக் கட்டிப் பத்து ஆட்டத்துக்கு 20 விநாடி என்று குறித்தாள். குட்டைக் கயிற்றில் சின்னக் கல், 10 விநாடி. "கல்லுதான் காரணம்" என்றாள். பின்பெஞ்சுப் பையன் ஒருவன், "கயிறையும் சேத்து மாத்திட்டியே" என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், பெரிய கல்லை அவிழ்த்துக் குட்டைக் கயிற்றில் கட்டினாள். 10 விநாடிதான். யாரும் சொல்லாமலே சின்னக் கல்லை நீளக் கயிற்றிலும் கட்டிப் பார்த்து, 20 என்று எழுதினாள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைப்பது முறையான சிந்தனையின் அடையாளம்.

சரி, அவள் கடைசி நிலைக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கணக்கு வகுப்பில், நான்கு டம்ளர் அரிசி பத்துப் பேருக்குச் சரியாக இருந்தால், ஆறு டம்ளர் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். "பன்னிரண்டு" என்றாள். டம்ளர் இரண்டு கூடியதால் ஆளும் இரண்டு கூடும் என்று கணக்குப் போட்டிருந்தாள். முறையான சிந்தனை எல்லோருக்கும் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் வருவதில்லை, அவரவருக்குப் பழக்கமான துறையில்தான் முதலில் தலைகாட்டும் என்று பியாஜேயே 1972-இல் எழுதிய ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

நான் சத்துணவுக் கூடத்துக்குப் போய் அரிசியும் டம்ளரும் வாங்கி வந்தேன். மேசை மேல் இரண்டு டம்ளர் அரிசியைக் கொட்டி, "இது எத்தனை பேருக்குக் காணும்?" என்று கேட்டேன். நான்கில் பாதி என்று அவளே குவியலைப் பிரித்துப் பார்த்து, "அஞ்சு பேருக்கு" என்றாள். பிறகு இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று தனித்தனிக் குவியலாகக் கொட்டிக்கொண்டே போனாள்.