ஐஸ் வைத்தது என் தப்பு: 700 மில்லிகிராம் ஃபெரோசீனோடு மூன்று நாள்

ஒரு மதியத்தில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுத்தது. எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சிங்கப்பூரில் லேபில் இருப்பவர்களுக்காவது உதவும்.

ஃபெரோசீன் என்பது இரும்பு அடங்கிய ஆரஞ்சு நிறச் சேர்மம். அதைத் தயாரித்ததில் சிக்கல் எதுவும் இல்லை. வடிகட்டி நீரில் கழுவியதும் 1.4 கிராம் வந்தது, பழுப்பு கலந்த மஞ்சளாக. அதில் பாதியை, அதாவது 700 மில்லிகிராமை, வழக்கம்போல ஹெக்சேனில் மறுபடிகமாக்கினேன். கரையாத இரும்பு உப்புகளைச் சூடாகவே வடிகட்ட வேண்டும். ஏர்கான் குளிரில் புனல் காம்பிலேயே படிகம் கட்டிக்கொண்டது. அதைக் கரைக்க மேலும் ஹெக்சேன் ஊற்றினேன். ஊற்றிய ஹெக்சேன் அத்தனையும் குளிர்ந்த பிறகு தன் பங்கு ஃபெரோசீனைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. கைக்கு வந்தது 360 மில்லிகிராம். இவ்வளவு சின்ன அளவில் கரைப்பானும் வடிதாளும் விழுங்குவதே பாதியாகிவிடுகிறது.

லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுல கற்பூர டப்பா மூடியத் திறந்து பாத்திருக்கீங்களா தம்பி? உள்பக்கமா பூத்துக் கிடக்குமே. இதுவும் அந்த ஜாதிதான், மிச்சத்தப் பதங்கமாக்கிடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஃபெரோசீன் 173 டிகிரி வாக்கில்தான் உருகும், ஆனால் 100 டிகிரியிலேயே உருகாமல் ஆவியாகத் தொடங்கிவிடும். வாக்குவம் கொடுத்தால் இன்னும் சுலபம். என் மாசுகளோ இரும்பு உப்பும், ஆக்சிஜனேற்றமடைந்து பச்சையாகிப்போன மிச்சமும். இரண்டுமே அயனிப் பொருள்கள், அந்தச் சூட்டில் மேலே வராது. பதங்கமாதலுக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது.

ஆனாலும் முதல் முயற்சி பாழ். வடிதாளில் இரவு முழுக்கக் கிடந்த பொடி காய்ந்துவிட்டது என்று நம்பினேன். நம்ம ஊர் ஈரப்பதத்தில் எங்கே காய்வது! பம்ப்பைப் போட்டதும் உள்ளே தங்கியிருந்த நீர் கொதித்துப் பொடியைத் தூக்கியடித்தது. ஆவி வந்து படிவதற்காக உள்ளே குளிர்நீர் வைத்த விரல் போன்ற குழாய், அதாவது கோல்ட் ஃபிங்கர், முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, வாக்குவம் டெசிக்கேட்டரில் ஓர் இரவு வைத்து, நன்றாகப் பொடித்து, அடியில் மெல்லிய அடுக்காகப் பரப்பினேன். மேலே கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு வைக்கச் சொன்னதும் அண்ணன்தான். பொடி துள்ளினால் பஞ்சு பிடித்துக்கொள்ளும், ஆவி மட்டும் கடந்து போகும்.

இரண்டாவது முறை எண்ணெய்த் தொட்டி 95 டிகிரி. ஒன்றரை மணி நேரத்தில் விரலைச் சுற்றி ஆரஞ்சு ஊசிகள், பஞ்சுக்குக் கீழே கருப்புக் கசடு. பார்க்கவே அழகு. அந்தச் சந்தோஷத்தில் சூட்டை அணைத்த கையோடு வால்வைத் திறந்துவிட்டேன். விரலுக்குள் இருந்தது ஐஸ் தண்ணீர். உள்ளே புகுந்த காற்றின் ஈரம் கண்ணெதிரே படிகங்கள் மேல் வேர்த்தது. காற்று வேகமாக நுழைந்ததில் கொஞ்சம் ஊசிகள் உதிர்ந்து கசடிலும் விழுந்தன. எடை 610 மில்லிகிராம் காட்டியது, துள்ளிக் குதித்தேன். மறுநாள் காய்ந்த பிறகு 560.

ஃபெரோசீனுக்கு ஐஸே தேவையில்லை, சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். கட்டாயம் ஐஸ் வேண்டும் என்கிற பொருளாக இருந்தால், விரலைக் காலி செய்து அறைச் சூட்டுக்கு வரவிட்டு, அப்புறம் வால்வைத் துளித்துளியாகத் திறங்கள்.

உருகுநிலை பார்த்தபோது இன்னொரு அடி. திறந்த கேப்பிலரியில் போட்டுவிட்டு 173 டிகிரிக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருந்தால், அடியில் ஒன்றுமே இல்லை! எல்லாம் மேலே குளிர்ந்த சுவரில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சுத்தம் செய்த அதே வழியில்தான் தப்பித்திருக்கிறது. மேல்முனையையும் சுடரில் உருக்கி மூடிய பிறகே உருகுவதைப் பார்க்க முடிந்தது.

இதைக் கேட்ட பக்கத்து மேசைத் தோழி தன் அசெட்டைல்ஃபெரோசீனையும் பதங்கமாக்கக் கிளம்பினாள். வேண்டாம் என்றேன். அவளுடைய மாசு வினைபுரியாமல் மிஞ்சிய ஃபெரோசீன். பொருளை விட மாசு முந்திக்கொண்டு விரலில் ஏறும், பொருளும் கூடவே கொஞ்சம் வரும். அவளுக்கு அலுமினா நிரப்பிய குழாய் வழியே ஊற்றிப் பிரிப்பதுதான் வழி. அளவு பத்து இருபது கிராம் என்றால் நானும் பேசாமல் ஹெக்சேனுக்கே போய்விடுவேன். அவ்வளவையும் ஒரு விரலில் பூக்கவைக்க எத்தனை தடவை சுரண்டுவது?

ஹெக்சேன் பாதியையும் மூடிய கேப்பிலரியில் பார்த்தேன். அதுவும் 173-இல்தான் உருகியது. சுத்தத்தில் இரண்டும் ஒன்றுதான், காணாமல் போன 200 மில்லிகிராம்தான் வித்தியாசம்.