அடைப்பில்லாத இதயத்தில் எஸ்டி இறங்கிய ஆறு நிமிடங்கள்

மயக்கவியலில் முதுநிலைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எனக்கு நடந்தது இது. கரோனரி ரத்த ஓட்டம் என்ற பாடத்தை அதற்கு முன் நான்கைந்து முறை படித்து, தேர்விலும் எழுதியிருந்தேன். ஆனால் அது உண்மையில் பிடிபட்டது அன்று காலைதான். ஒரு தவறான மருந்தைக் கொடுத்துவிட்டு, மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தது. வால்வைத் தாண்டும் சராசரி அழுத்த வேறுபாடு 50 என்று எக்கோவில் இருந்தது. இடது வென்ட்ரிக்கிளின் சுவர் 15 மில்லிமீட்டருக்குத் தடித்திருந்தது. வால்வு மாற்றுவதற்காகச் சில மாதங்களுக்கு முன் ஆஞ்சியோகிராம் எடுத்திருந்தார்கள். கரோனரி தமனிகளில் குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் இல்லை. அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு நிம்மதி வந்தது. குழாய் திறந்திருந்தால் இதயத் தசைக்கு ரத்தம் போய்விடும் என்று நினைத்தேன். நான் அன்று செய்த பிழை அந்த நினைப்பில்தான் தொடங்கியது.

மயக்கம் கொடுப்பதற்கு முன்பே மணிக்கட்டுத் தமனியில் ஊசி வைத்து, ஒவ்வொரு துடிப்பின் அழுத்தமும் திரையில் ஓடும்படி செய்திருந்தோம். தொடக்கத்தில் ரத்த அழுத்தம் 130/70, துடிப்பு 68. மருந்தை மெதுவாகக் கொடுத்து, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு முடித்தாயிற்று. இரண்டு நிமிடம் கழித்து அழுத்தம் 84/42, துடிப்பு 116. எலும்பு முறிவில் உள்ளே கசிந்த ரத்தம், இரவு முழுக்கப் பட்டினி, மயக்க மருந்தால் தளர்ந்த ரத்தக் குழாய்கள் என எல்லாம் சேர்ந்து வந்த வீழ்ச்சி. ஈசிஜியின் வி5 லீடில், இதயத் தசைக்கு ரத்தம் போதாதபோது கீழே இறங்கும் எஸ்டி பகுதி 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

அழுத்தம் குறைந்திருக்கிறது, ஏற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது. கைக்கு எட்டிய எபெட்ரின் சிரிஞ்சிலிருந்து 6 மில்லிகிராம் போட்டேன். அழுத்தம் 92/44 ஆனது. துடிப்போ 124-க்குப் போய்விட்டது. எஸ்டி இன்னும் இறங்கி 3 மில்லிமீட்டர் ஆனது. அழுத்தம் ஏறியிருக்கிறது, இதயமோ முன்பைவிட மோசமாகிறது. அந்த முரண்பாடு எனக்குப் புரியவே இல்லை.

கூப்பிட்டதும் எங்கள் மேடம் வந்தார். திரையை ஒரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல இருக்கிற எண்ணை விடு. கீழ இருக்கிறது எவ்வளவு? அது எவ்வளவு நேரம் கிடைக்குது?"

44 என்றேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அவரே ஃபீனைலெஃப்ரின் 100 மைக்ரோகிராம் கொடுத்தார். கூடவே திரவத்தை வேகமாக ஓடவிட்டார். ஒரு நிமிடத்துக்குள் அழுத்தம் 118/60, துடிப்பு 98. இன்னொரு முறை கொடுத்தார். அழுத்தம் நிலைத்தது என்று உறுதியான பிறகுதான், துடிப்பைக் குறைக்க எஸ்மோலால் 10 மில்லிகிராம். துடிப்பு 72-க்கு வந்தது, அழுத்தம் 128/68. ஆனால் எஸ்டி உடனே திரும்பவில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்தும், கோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே வந்தது. அடிக்கோட்டைத் தொட ஏறக்குறைய ஆறு நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நீளமான ஆறு நிமிடங்களை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அறுவை முடிந்ததும் மேடம் என்னை உட்கார வைத்து, மானிட்டரில் பதிவான அலைவடிவங்களைக் காகிதத்தில் அச்செடுக்கச் சொன்னார். அன்று மதியம் அந்தக் காகிதத்தை வைத்து நாங்கள் போட்ட கணக்கைத்தான் இங்கே எழுத வந்தேன்.

முதலில் அவர் கேட்டது, இரத்த அழுத்தப் பட்டையும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்று. எங்களுக்குத் தினமும் பார்க்கும் காட்சி அது. பட்டை ஊதியதும் விரல் நுனியின் அலை தட்டையாகிவிடும். காற்று இறங்கியதும் அலை பழைய உயரத்துக்கு உடனே வந்துவிடாது; ஒரு கணம் பிந்தித்தான் நிமிரும். "இடது வென்ட்ரிக்கிளோட உள்சுவர் ஒவ்வொரு துடிப்பிலும் இப்படித்தான் இருக்கு" என்றார். மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இடது வென்ட்ரிக்கிளின் தசைக்கோ, அதே சுருக்கம்தான் தன் குழாய்களைத் தானே நெரிக்கும் பட்டை. அதனால் அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பங்கு, ஏறத்தாழ 80 சதவீதம், விரியும் நேரமான டயஸ்டோலில்தான் வருகிறது. சுருக்கம் தொடங்கும் கணத்தில் இடது கரோனரி தமனியில் ஓட்டம் சட்டென்று விழுந்து, சில சமயம் ஒரு நொடிப்பொழுது பின்னோக்கியும் போகும். வலது வென்ட்ரிக்கிளுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அதன் உள்ளழுத்தம் 25 அளவில்தான். பெருந்தமனியில் 120 இருக்கும்போது, சுருங்கும்போதும் அதற்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த நெரிப்பு சுவரின் எல்லா அடுக்குகளிலும் ஒன்றுபோல இல்லை. சுவரின் உள்பக்கத்தில், எண்டோகார்டியத்தை ஒட்டிய தசையில், சுருங்கும் நேரமான சிஸ்டோலின்போது அழுத்தம் வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாகவே இருக்கும். வெளியே போகப் போகக் குறைந்து, எபிகார்டியம் பக்கத்தில் மிகக் கொஞ்சமே மிஞ்சும். பெரிய கரோனரி குழாய்கள் வெளிப்பரப்பில்தான் படர்ந்திருக்கின்றன. அங்கிருந்து கிளைகள் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. உள்சுவர் கடைசி மடையில் இருக்கும் வயல் மாதிரி. நெரிப்பும் அங்கேதான் அதிகம். சுருங்கும்போது ஆழத்தில் உள்ள நுண்குழாய்கள் பிழியப்பட்டுக் காலியாகின்றன. டயஸ்டோல் தொடங்கியதும் வரும் ரத்தம் முதலில் அந்தக் குழாய்களை நிரப்ப வேண்டும், அப்புறம்தான் தசைக்கு ஓட்டம் சீராகும். துடிப்பு மெதுவாக இருந்தால் இந்தத் தாமதம் பொருட்டே இல்லை. துடிப்பு வேகமாகி டயஸ்டோல் குறுகினால், கிடைத்த சிறிது நேரத்தில் ஒரு நல்ல பங்கை இந்தத் தாமதமே விழுங்கிவிடும்.

அப்படியென்றால் எல்லோருடைய உள்சுவரும் எப்போதும் பட்டினியில்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். இல்லை. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமான இதயத்தில் உள்சுவருக்கு வெளிச்சுவரைவிடச் சற்றுக் கூடுதலாகவே ரத்தம் போகிறது. அதன் வேலையும் கூடுதல், ஆக்ஸிஜன் செலவும் கூடுதல். சிஸ்டோலில் இழந்ததை ஈடுகட்ட, உள்சுவரின் குழாய்கள் ஓய்விலேயே ஓரளவு விரிந்து நிற்கின்றன. அங்கேதான் ஆபத்து. நெருக்கடி வரும்போது வெளிச்சுவரின் குழாய்கள் இன்னும் நிறைய விரியலாம். உள்சுவரிடம் அந்தக் கையிருப்பு ஏற்கனவே பாதி செலவாகிவிட்டது. வரும் ரத்தத்திலிருந்து அதிக ஆக்ஸிஜனை உறிஞ்சலாமா என்றால், இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதம் போல எடுத்துவிடுகிறது. தேவை கூடினால் ஓட்டம் கூட வேண்டும், வேறு வழி இல்லை. குழாய்கள் முழுக்க விரிந்த பிறகு அந்த ஓட்டத்தை முடிவு செய்வது இரண்டே விஷயங்கள்: டயஸ்டோலில் தள்ளும் அழுத்தம், டயஸ்டோலின் நேரம்.

சரி, இனி அந்தக் காகிதம். தள்ளும் அழுத்தம் என்பது பெருந்தமனியின் டயஸ்டோலிக் அழுத்தத்திலிருந்து, டயஸ்டோல் முடிவில் வென்ட்ரிக்கிளுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. உள்ளே இருக்கும் அழுத்தத்தை நாங்கள் அளக்கவில்லை. தடித்த, விறைத்த சுவர் என்பதால் 20 என்று வைத்துக்கொண்டோம். நேரத்தை அலைவடிவத்திலிருந்து தோராயமாக எடுத்தோம்.

தொடக்கத்தில் துடிப்பு 68. ஒரு சுற்றுக்கு 0.88 நொடி, அதில் சிஸ்டோல் 0.36 போக டயஸ்டோல் 0.52. நிமிடத்துக்கு மொத்தம் 35 நொடி. தள்ளும் அழுத்தம் 70-இல் 20 போக 50. இரண்டையும் பெருக்கினால் 1750.

எபெட்ரினுக்குப் பின் துடிப்பு 124. ஒரு சுற்று 0.48 நொடி, சிஸ்டோல் 0.28, டயஸ்டோல் 0.20. சுற்று சுருங்கும்போது பெரும்பங்கை இழப்பது டயஸ்டோல்தான் என்பதை அன்று ஸ்கேலை வைத்துக் கண்ணால் பார்த்தேன். நிமிடத்துக்கு 25 நொடி. தள்ளும் அழுத்தம் 44-இல் 20 போக 24. பெருக்கினால் 600. டயஸ்டோலின் சராசரி அழுத்தம் கடைசி எண்ணைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும் என்பதால் இது கறாரான அளவு இல்லை. ஆனால் ஒப்பிட இது போதும்: வரத்து மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, துடிப்புகளின் எண்ணிக்கையோ ஏறத்தாழ இரட்டிப்பு. நான் அந்த அம்மாவுக்குக் கொடுத்தது டயஸ்டாலிக்கில் 2 புள்ளி. அதற்கு விலையாக, ஏற்கனவே சுருங்கிப்போயிருந்த இதயத்தின் உணவு வேளையை இன்னும் குறைத்திருக்கிறேன். அது போதாதென்று, பட்டினியான தசை சரியாகத் தளராது. உள்ளழுத்தம் 20-இலிருந்து இன்னும் ஏறும், கழிக்க வேண்டியது கூடும், வரத்து மேலும் குறையும்.

கடைசியில் 128/68, துடிப்பு 72. 34 நொடி, 48 அழுத்தம். 1600-க்கு மேல்.

இதுவரை யாரும் போடாத புதிய கணக்கு அல்ல இது. டயஸ்டோல் வரத்தையும் சிஸ்டோல் செலவையும் பரப்பளவாக அளந்து ஒப்பிடும் முறையை 1972-இல் பக்பெர்க்கும் சகாக்களும் நாய்களில் செய்து காட்டினார்கள். கரோனரி குழாய்கள் நல்ல நிலையில் இருந்தும் உள்சுவர் பட்டினி கிடக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த அம்மாவின் ஆஞ்சியோகிராம் வரியைப் பார்த்து நிம்மதியானேனே, அதற்கான பதில்.

ஒரு சந்தேகம் எனக்கு மிச்சம் இருந்தது. ஃபீனைலெஃப்ரின் குழாய்களைச் சுருக்கும். ஏற்கனவே வால்வை எதிர்த்துத் திணறும் இதயத்துக்கு அது பாரம் ஆகாதா? இந்த நோயில் பெரும் பாரம் வால்விலேயே இருக்கிறது, மருந்தால் கூடுவது அதற்கு முன் சிறிது என்றார் மேடம். பதிலாகக் கிடைப்பது டயஸ்டாலிக் அழுத்தம், கூடவே அனிச்சையாகத் துடிப்பும் குறையும். வால்வு கசியும் நோயாளியாக இருந்தால் இதே கை வேறு மருந்துக்குப் போயிருக்கும் என்றும் சொன்னார். அங்கே துடிப்பை மிகவும் குறைத்தால் ரத்தம் பின்னால் கசிய நேரம் கூடிவிடும்.

அந்த அம்மாவுக்கு, இதயத் தசையின் சேதத்தை ரத்தத்தில் காட்டும் டிரோபோனின் சிறிது உயர்ந்து, இரண்டாம் நாள் இறங்கியது. எக்கோவில் சுவரின் அசைவில் புதிய குறை எதுவும் இல்லை. இது போன்ற நோயாளிகளுக்கு மயக்கம் கொடுக்கும்போது இப்போது ஃபீனைலெஃப்ரினை முன்பே கலக்கித் தட்டின் வலது ஓரத்தில் வைத்துக்கொள்கிறேன். எபெட்ரின் அலமாரியிலேயே இருக்கும். திரையில் டயஸ்டாலிக் எண்ணையும் துடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி மாற்றிவைத்த பிறகுதான் டியூபைக் கையில் எடுக்கிறேன்.