சிறப்புக் கட்டண நோட்டீஸை பைலாவோடு ஒப்பிட்டுப் பார்த்த கதை

லிஃப்ட் மாற்றுவதற்காக ஒவ்வொரு வீடும் சமத் தொகை கட்ட வேண்டும் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பைலாவின் ஒரு விதி எண்ணைக் குறிப்பிட்டு, "பொதுக்குழுவில் பெரும்பான்மையோடு நிறைவேறியது" என்றும் போட்டிருந்தார்கள். லிஃப்ட் பழையது, மாற்றத்தான் வேண்டும். ஆனால் 60 வீட்டுக்காரர்களிடம் பணம் கேட்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பிரதியை நம்பாமல், பதிவு செய்த பைலாவையும் அதன் திருத்தங்களையும் செயலாளரிடம் எழுதிக் கேட்டு வாங்கினேன். நோட்டீஸில் சொன்ன விதி மாதாந்திர மெயின்டனன்ஸுக்கானது. நிர்வாகக் குழுவே முடிவு செய்துகொள்ளலாம் என்று சொல்வது அது. பெரிய மாற்று வேலைகளுக்கான சிறப்புக் கட்டணம் வேறொரு விதியில் இருந்தது: கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும், தொகையை வீட்டுப் பரப்பளவின் விகிதத்தில் பிரிக்க வேண்டும்.

அடுத்து மினிட்ஸ் புத்தகம். வந்தவர்கள் 26 பேர்; கோரம் 20 என்பதால் கூட்டம் செல்லும். ஆதரவு 16, எதிர்ப்பு 7, மூன்று பேர் வாக்களிக்கவில்லை. வாக்களித்த 23 பேரை மட்டும் கணக்கில் எடுத்தால் 16 போதும். செயலாளர் அப்படித்தான் எடுத்திருந்தார். எங்கள் பைலாவோ 'வந்திருக்கும்' என்கிறது. 26-இல் மூன்றில் இரண்டு 17.33, அதாவது 18 பேர் வேண்டும். வாக்களிக்காத மூவரும் இங்கே எதிர்த்தவர்கள் போலத்தான் ஆகிறார்கள். இரண்டு பேர் குறைவதால் தீர்மானம் விழுகிறது.

பிரித்த விதமும் தப்பு. 40 வீடுகள் 800 சதுர அடி, 20 வீடுகள் 1600. சமமாகப் பிரித்தால் சின்ன வீட்டுக்கு மொத்தச் செலவில் 60-இல் ஒரு பங்கு விழும். பரப்பளவுப்படி 80-இல் ஒரு பங்குதான். சின்ன வீட்டுக்காரர்கள், அவர்களில் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள், கட்ட வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். எனக்கு ரொம்ப வலித்தது இதுதான்.

விதி எண்களையும் மினிட்ஸ் தேதியையும் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். மாத மெயின்டனன்ஸை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் எங்கள் பைலாப்படி நிலுவைதாரர் ஆகி, வாக்குரிமையே போய்விடும்.

நிர்வாகக் குழு மறுக்கவில்லை. தொகையையும் பிரிக்கும் முறையையும் நிகழ்ச்சி நிரலில் தெளிவாகப் போட்டு மறுபடி கூட்டம் கூட்டினார்கள். அப்புறம் தீர்மானம் தேவையான ஆதரவோடு நிறைவேறியது. ஏற்கெனவே கட்டிவிட்ட சின்ன வீட்டுக்காரர்களின் கூடுதல் தொகை அவர்கள் மெயின்டனன்ஸ் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.