முதலில் திரி, பிறகு சொட்டு

என் வலது காது வடியத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. சளியும் காய்ச்சலுமாக இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் இரவு முழுக்கக் காது குத்தியது. விடியும்போது தலையணை உறையில் மஞ்சள் கறை. வலி போன இடம் தெரியவில்லை. வலி நின்றுவிட்டதால் குணமாகிவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் உள்ளே சேர்ந்த சீழின் அழுத்தம் தாங்காமல் செவிப்பறை கிழிந்திருந்தது. பெரும்பாலும் இப்படிக் கிழிவது சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். எனக்கு மூடவில்லை. அதை நான் தெரிந்துகொள்ள இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததெல்லாம் ஒரே சுற்றுதான். காது வடியும். மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்தும் ஐந்து நாளைக்கு மாத்திரையும் வாங்குவேன். கொஞ்சம் குறையும். ஒரு மாதத்தில் திரும்ப வரும். அம்மா தன் பங்குக்குப் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக விடுவாள். வடிவதை அடக்கினால் சீழ் மூளைக்கு ஏறிவிடும் என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னதை அவள் உறுதியாக நம்பினாள். தொற்று மூளைக்குப் பரவும் ஆபத்து நிஜம்தான். ஆனால் காதைக் காயவைப்பதால் அது வருவதில்லை, வடியவிட்டுக்கொண்டே இருப்பதால்தான் வருகிறது என்பது அப்போது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கரும்பலகைக்கு இடப்புறமாக நின்று, இடது காதை வகுப்பின் பக்கம் திருப்பிவைத்துப் பாடம் நடத்துவது எனக்கே தெரியாத பழக்கமாகியிருந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்கள் காதில் ஏதோ பளபளக்கிறது" என்று சொன்ன அன்று மாலைதான் திருநெல்வேலியில் ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனேன்.

அவர் எந்த மருந்தையும் எழுதுவதற்கு முன் நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய குழாயால் சீழை உறிஞ்சி எடுத்தார். காதுக்குள் ரயில் ஓடுவதுபோல இரைச்சல், லேசாகத் தலைசுற்றல். பிறகு திரையில் காட்டினார். வெளிறிய தோல்போன்ற வட்டத்தின் நடுவில் அவரைவிதை வடிவத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே நடுச்செவியின் சிவந்த ஈரமான உட்சுவர் தெரிந்தது. "ஓட்டையைச் சுற்றிலும் பறையின் விளிம்பு இருக்கிறது, பாருங்கள். இது நல்லது" என்றார். ஓட்டை மேல் ஓரத்தில், பறையின் விளிம்பைத் தின்றுகொண்டு இருந்தால் கதை வேறு. அங்கே தோல் உள்ளிழுக்கப்பட்டு, உதிரும் செதில்கள் உருண்டையாகச் சேர்ந்து எலும்பை அரிக்கும். கொலஸ்டியடோமா என்பது அதன் பெயர். அதைச் சொட்டு மருந்தால் தீர்க்க முடியாது, அறுவைதான். சீழில் விடாத துர்நாற்றம் இருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல், காதின் பின்னால் வீக்கம், காய்ச்சலோடு கடும் தலைவலி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார்.

இத்தனை ஆண்டு மருந்து விட்டும் ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "விடுவதற்கு முன் சீழைத் துடைத்தீர்களா?" துடைத்ததில்லை. நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றியதுபோல, என் சொட்டெல்லாம் சீழின் மேல் மிதந்து வெளியே வழிந்திருக்கிறது. மாத்திரையும் பெரிதாக உதவியிருக்காது. அது இரத்தத்தின் வழியே நாட்பட்ட புண்ணுக்கு வந்துசேர்வது கொஞ்சம்தான். சொட்டு மருந்து நேரே போய்ச் சேர்ந்தால் அந்த இடத்தில் கிடைக்கும் செறிவு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

பரிசோதனைக்கு அனுப்பிய சீழில் சூடோமோனாஸ் என்ற கிருமி வந்திருந்தது. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு: குழாய், தொட்டி, ஆற்று நீர். நடுச்செவிச் சுவரில் வழவழப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொள்ளும். மருந்து வந்தால் மேலே இருப்பவை சாகும், அடியில் இருப்பவை பிழைத்து மறுபடி பெருகும். நான் வழக்கமாக விழுங்கிய அமாக்சிசிலின் மாத்திரைக்கு இந்தக் கிருமி அசைவதேயில்லை.

கடையில் தந்த பழைய சொட்டு மருந்துப் புட்டியையும் காட்டினேன். ஜென்டமைசின். ஓட்டை இருக்கும் காதில் இது நடுச்செவியைத் தாண்டி உட்செவிக்குப் போய், கேட்கும் உணர்வுக்கான நுண்ணிய செல்களைக் கெடுக்கக்கூடும். கெட்டால் திரும்ப வராது. நியோமைசினும் அதே வகைதான். பாதுகாப்பான மருந்து இருக்கும்போது இதைக் காதில் விட வேண்டிய தேவையே இல்லை என்று சொல்லி, 0.3 சதவீத சிப்ரோஃபிளாக்சசின் சொட்டு எழுதினார். நாளைக்கு மூன்று வேளை, பதினான்கு நாள். ஆனால் மருந்தைவிடத் திரியைக் கற்றுக்கொடுக்கத்தான் அதிக நேரம் செலவிட்டார்.

திரி என்பது மெல்லிய டிஷ்யூ தாளைக் கூர்மையாக முறுக்கியது, அவ்வளவுதான். சுத்தமான பருத்தித் துணியிலும் செய்யலாம். குச்சியில் சுற்றிய கடைப் பஞ்சு கூடாது. அது சீழை உள்ளே தள்ளும், கை தவறினால் குத்தும். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, திரியை மெல்ல உள்ளே விட்டு, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். நனைந்ததை எடுத்தெறிந்து புதியது. காய்ந்தபடி வெளியே வரும்வரை இதேதான். முதல் நாள் காலையில் எனக்கு ஏழு திரி ஆயிற்று.

பிறகுதான் சொட்டு. புட்டியைக் கைக்குள் ஐந்து நிமிடம் மூடிவைத்துச் சூடாக்கிக்கொள்வேன். குளிர்ந்த மருந்து விழுந்தால் கட்டிலே சுழலும். ஒருக்களித்துப் படுத்து நான்கு சொட்டு விட்டபின், காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்தெலும்பு மேட்டை விரலால் நான்கைந்து முறை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அந்த அழுத்தம்தான் மருந்தை ஓட்டைக்குள் தள்ளுகிறது. ஐந்து நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. மூன்றாம் நாள் இரவு அப்படி அமுக்கும்போது தொண்டையில் வேப்பங்கொழுந்து கடித்த மாதிரிக் கசந்தது. பயந்துபோய் மறுநாள் தொலைபேசியில் கேட்டேன். மருத்துவர் சிரித்தார். மருந்து ஓட்டையைத் தாண்டி, நடுச்செவியிலிருந்து மூக்கின் பின்புறம் இறங்கும் குழாய் வழியே தொண்டைக்கு வந்திருக்கிறது. சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததற்கு அதுவே அத்தாட்சி என்றார். இருபத்தொன்பது ஆண்டில் ஒருமுறைகூட எனக்கு அந்தக் கசப்பு வந்ததில்லை.

ஒன்பதாம் நாள் முதல் திரியே உலர்ந்து வந்தது. அதில் ஒரு வேடிக்கை: காது காய்ந்ததும் கேட்பது சற்றுக் குறைந்ததுபோல் இருந்தது. சிலருக்கு இப்படி ஆகுமாம். உட்செவியின் சுவரில் மெல்லிய சவ்வு போர்த்திய வட்டச் சாளரம் என்ற சிறு திறப்பைச் சீழ் மூடியிருந்தபோது, ஓட்டை வழியே நேரே வரும் ஒலி அங்கே மோதாமல் அது மறைப்பாக நின்றிருக்கிறது. இதைக் கெடுதல் என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுபவர்களும் உண்டாம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை திரி நனைந்தது. நானே இன்னொரு புட்டி வாங்கி, மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாதம் விட்டேன். இதுதான் நான் செய்த பெரிய தவறு. சீழ் போய் அரிப்பு வந்தது. தாங்க முடியாத அரிப்பு, காது அடைத்த உணர்வு. நுண்ணோக்கியில் பார்த்தால் நனைந்த செய்தித்தாள் போன்ற சாம்பல் நிறப் பிசின், அதில் கரும்புள்ளிகள். பூஞ்சை. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை அளவுக்குமேல் விட்டு ஈரமாகவே வைத்திருந்தால் காலியான இடத்தைப் பூஞ்சை பிடித்துக்கொள்கிறது. இரண்டு முறை உறிஞ்சி எடுத்து, ஓட்டை உள்ள காதுக்கு ஒத்துக்கொள்ளும் பூஞ்சை மருந்தாகப் பார்த்துக் கொடுத்து அதைச் சரிசெய்தார்.

அப்போதுதான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தினமும் குறித்துவைக்கச் சொன்னார்: உலர்ந்ததா, நனைந்ததா. கணக்கு ஆசிரியைக்கு இது பிடித்த வேலை. மூன்று வாரக் குறிப்பில் ஈரம் என்று எழுதிய நாட்களைப் பார்த்தால் புதன், சனி, சனி, புதன், சனி. செவ்வாயும் வெள்ளியும் நான் தலைக்குக் குளிக்கும் நாட்கள். ஆனால் குளிக்கும்போது காதில் பஞ்சு வைத்திருந்தேனே?

வைத்தது வெறும் பஞ்சு. தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோக அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. பஞ்சு உருண்டையின் வெளிப்பக்கம் முழுவதும் வாஸ்லின் பூசி, துளையின் வாயில் மட்டும் மூடிபோல் வைக்க வேண்டும். உள்ளே திணிக்கக் கூடாது. குளித்ததும் எடுத்துவிட வேண்டும்; நாள் முழுதும் அடைத்துவைத்தால் வியர்வையே ஈரமாகிவிடும், காற்றுப் படவேண்டும். நான் கவனிக்காத இன்னொன்றும் இருந்தது. குளித்தபின் ஈரக் கூந்தலைத் துண்டால் முடிந்து வலப்பக்கம் சரித்துவிட்டுத்தான் சமையலில் இறங்குவேன். பஞ்சை எடுத்த காதின் மேலேயே கால் மணி நேரம் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது கூந்தலை உதறிக் காயவைத்த பிறகுதான் பஞ்சை எடுக்கிறேன். எண்ணெய்க் குளியல் உண்டு. காதுக்கு எண்ணெய் இல்லை. அம்மாவுக்கு இதில் இன்னும் வருத்தம்தான்.

அதன் பிறகு ஒரே ஒரு முறை வடிந்தது, மார்கழியில் கடும் சளி பிடித்தபோது. மூக்கை இறுக்கிப் பிடித்துச் சிந்தியது காரணம். மூக்கின் பின்புறக் குழாய் வழியே சளி ஏறிவிடும். திரியும் சொட்டுமாக ஏழு நாளில் நின்றது, மருத்துவர் சொன்ன நாளில் மருந்தை நிறுத்தினேன்.

காது இப்போது தொடர்ந்து நான்கு மாதமாக உலர்ந்திருக்கிறது. ஓட்டை அப்படியேதான் உள்ளது; சொட்டு மருந்து காதைக் காயவைக்கும், இத்தனை பழைய ஓட்டையை மூடாது. காது கேட்கும் பரிசோதனையில் வலப்பக்கம் 40 டெசிபல் குறைவு, நரம்பில் கோளாறில்லை. காதுக்கு மேல் இருக்கும் தசையை மூடிய மெல்லிய உறையிலிருந்து ஒரு துண்டு எடுத்து ஓட்டையை அடைக்கும் அறுவையைப் பரிந்துரைத்திருக்கிறார். காது காய்ந்திருக்கும்போது செய்தால் ஒட்டும் வாய்ப்பு நன்றாக இருக்குமாம். கோடை விடுமுறையில் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். அதுவரை நோட்டில் தினம் ஒரு வரி: உலர்ந்தது.