செஞ்சிச் சுனைக் கணக்கு: மொட்டை மாடியில் செய்து பார்த்தது

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்கியது முதல், மழைநீரை நம்பி அந்த உச்சியில் எத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்க முடியும் என்ற கேள்வி என்னை விடவில்லை. அப்பகுதிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய வரவு; அது டிசம்பரில் ஓய்ந்தால், அடுத்த நல்ல மழைக்குள் ஏறத்தாழ ஐந்து மாதங்களைக் கடக்க வேண்டும்.

மே மாதத்தில் இரண்டு பாத்திரங்களில் இருபது லிட்டர் வீதம் நீர் ஊற்றி, மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். ஒன்று 60 சென்டிமீட்டர் அகலத் தொட்டி, மற்றொன்று 26 சென்டிமீட்டர் அகலமுள்ள உயரமான டிரம். தொட்டியில் ஏழு சென்டிமீட்டர் இருந்த நீர் ஒரே வாரத்தில் இரண்டு சென்டிமீட்டராகக் குறைந்தது. டிரம்மிலும் ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் இறங்கியது, ஆனால் முப்பத்திரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீர் எஞ்சியிருந்தது. வெயில் எடுத்துக்கொள்வது மேற்பரப்பைப் பொறுத்தது. ஆழத்தை அது பார்ப்பதில்லை.

இதைக் கோட்டைக்குப் பொருத்திக் கணக்கிட்டேன். பக்கங்கள் செங்குத்தான, 90,000 லிட்டர் கொள்ளும் இரண்டு குளங்களைக் கற்பனை செய்துகொண்டேன்: ஒன்று ஒரு மீட்டர் ஆழமும் 90 சதுர மீட்டர் பரப்பும் உடையது, மற்றது மூன்று மீட்டர் ஆழமும் 30 சதுர மீட்டர் பரப்பும் உடையது. நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாவதாகவும், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் நூறு வீரர்கள் எடுப்பதாகவும் கொண்டால், ஆழமற்ற குளத்தில் வீரர்களுக்கு 500 லிட்டரும் வெயிலுக்கு 450 லிட்டரும் போகும். ஜனவரி முதல் தேதி நிறைந்திருந்தாலும் ஏப்ரல் தொடக்கத்தில் வற்றிவிடும். ஆழமானதில் வெயிலுக்கு 150 லிட்டர்தான், ஆகையால் மே நடுப்பகுதி வரை தாங்கும். பாறைப் பிளவை அணைத்துக் கட்டிய சுனை எவ்வளவு மதிப்புள்ளது என்பது இந்த நாற்பத்து நான்கு நாள் வித்தியாசத்தில்தான் எனக்கு விளங்கியது. பாறை நிழல் விழுந்தால் இழப்பு இன்னும் குறையும். கசிவையும் வண்டலையும் சேர்த்தால் நாட்கள் குறையும்.

தானியக் களஞ்சியமும் இதே கணக்கின் மறுபாதி. நெல்லாகச் சேமித்தால் உமி பூச்சியைத் தடுக்கும், ஆனால் குத்துவதற்கு ஆளும் சமைப்பதற்கு நீரும் விறகும் மேலேயே வேண்டும்.

ஆயினும் 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையைச் சுனையாலும் களஞ்சியத்தாலும் மட்டும் விளக்க முடியாது. மூன்று மலைகளையும் அவற்றை இணைக்கும் மதிலையும் முழுவதுமாக அடைத்துச் சூழ்வது முகலாயத் தளபதி சுல்பிகார் கானின் படைக்கு எளிதாக இல்லை. 1692இன் இறுதியில், கோட்டைக்குள் இருந்த மராட்டியருக்குத் துணையாக வெளியிலிருந்து மராட்டியப் படைகள் வந்து முற்றுகையிட்டவர்களின் உணவு வழிகளைத் துண்டித்தபோது பட்டினி கிடந்தது கீழே இருந்த பாசறைதான். 1693 தொடக்கத்தில் அவர்கள் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று.