மூலையில் ஒரு வெயில் கீற்று

போனில் படத்தை வெட்டும் கட்டத்தை மூன்று முறை உள்ளே இழுத்தேன். மூன்று முறையும் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன்.

காலையில் அம்மா வாசலில் கோலம் போடும்போது போனில் எடுத்த படம். வலது மேல் மூலையில் வெயில் பளீரென்று வெடித்து, ஒரு கீற்று அம்மாவின் தோள் வரை இறங்கியிருக்கிறது.

அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். கண் நேராக மாவு விடும் விரல்களுக்குப் போனது. சரி என்று வலப்பக்கம் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினேன்.

அப்புறம்தான் கவனித்தேன். அம்மாவின் நரைமுடி ஓரத்தில் ஒரு பொன் கோடு. அது எங்கிருந்து வருகிறது என்று சொல்ல இப்போது படத்தில் எதுவும் இல்லை.

வெளுப்பும் போகவில்லை. நேர் வெயில் லென்சுக்குள் சிதறினால் படம் முழுக்க மெல்லிய வெண்படலம் படரும், கறுப்பு சாம்பலாகும். மூலையை வெட்டினாலும் அது அப்படியே நிற்கும். கீற்று இருந்தால் அது காலை வெயில். இல்லாவிட்டால் அழுக்கு லென்ஸ் மாதிரி தெரிகிறது.

கீற்றை வைத்துக்கொண்டேன். கறுப்பை மட்டும் கொஞ்சம் அழுத்தினேன்.

ஒன்றை அழித்தேன். இடது கீழே, கோலத்தின் மேல் ஒரு பச்சைப் புள்ளி. படத்தின் நடுவழியாகக் கோடு இழுத்தால் சூரியனுக்கு நேர் எதிரே விழும் அதன் பிரதிபலிப்பு. அது அம்மா வைத்த புள்ளி இல்லை.

கீற்று முகத்தில் விழுந்திருந்தால் வெட்டியும் பயனில்லை. நாளை உள்ளங்கையால் லென்சுக்கு நிழல் பிடித்து இன்னொன்று எடுக்க வேண்டும்.